வயிற்று வலியின் இடம்: உள்ளுறுப்பு வலிக்கு வரைபடம் உருவான வரலாறு

குடல்வால் என்பது பெருங்குடலின் தொடக்கத்தில், வயிற்றின் வலது கீழ்ப்பகுதியில் தொங்கும் ஒரு சிறு குழாய். அதில் அழற்சி உண்டாகும்போது முதல் வலி பெரும்பாலும் அங்கே தோன்றுவதில்லை. தொப்புளைச் சுற்றியோ அதற்குச் சற்று மேலேயோ மந்தமான ஒரு வலி தொடங்குகிறது. "எங்கே வலிக்கிறது?" என்று மருத்துவர் கேட்டால் நோயாளி விரலால் சுட்டுவதில்லை, உள்ளங்கையை விரித்து நடு வயிற்றைத் தடவிக் காட்டுகிறார். சில மணி நேரம் கழிந்த பின்னரே வலி வலது கீழ்ப்பக்கத்துக்கு நகர்கிறது. அப்போது அவரால் ஒரே விரலால் இடத்தைச் சுட்ட முடிகிறது.

நோயுற்ற குழாய் இருந்த இடத்திலேயே இருக்க, வலி மட்டும் ஏன் இடம் மாறியது என்ற கேள்விக்கு விடை கிடைக்க ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. உறுப்பு ஓரிடத்தில் இருக்க வலி வேறோரிடத்தில் உணரப்படுவதை இக்கட்டுரையில் 'இடம் மாறிய வலி' என்று குறிப்பிடுவோம்.

கத்தி பட்டும் வலிக்காத குடல்

உள்ளுறுப்புகளுக்குத் தொடு உணர்வு இல்லை என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. இரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்வி, அயர்லாந்தைச் சேர்ந்த மாண்ட்கோமரி குடும்பத்து இளைஞர் ஒருவரைப் பரிசோதித்தார். சிறு வயதில் ஏற்பட்ட காயத்தால் அவருடைய இடது மார்பில் ஒரு துளை நிலைத்துவிட்டது. அதன் வழியே துடிக்கும் இதயத்தைத் தொட முடிந்தது. ஹார்வியும் மன்னர் முதலாம் சார்லசும் அதைத் தொட்டனர். தன் இதயம் தொடப்படுவதை, கண்ணால் பார்த்தாலோ வெளித்தோலில் விரல் பட்டாலோ தவிர, அந்த இளைஞர் உணரவில்லை. ஹார்வி 1651இல் வெளியான தம் நூலில் இதைப் பதிவு செய்தார்.

இந்தக் கேள்வி மீண்டும் சூடு பிடித்தது அறுவை மருத்துவர்களின் கையில்தான். சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவப் பேராசிரியர் கார்ல் குஸ்தாவ் லென்னாண்டர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், வயிற்றுச் சுவரை மட்டும் மரக்கச் செய்து அறுவை செய்தார். நோயாளி விழித்திருந்ததால் எது வலிக்கிறது, எது வலிக்கவில்லை என்று அவரிடமே கேட்டு அறிய முடிந்தது. குடலை வெட்டினாலும் கிள்ளினாலும் சூடு வைத்தாலும் நோயாளிக்குத் தெரியவில்லை. கல்லீரலும் இரைப்பையும் அப்படியே இருந்தன. ஆனால் வயிற்றுச் சுவரின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைத் தொட்டதும் கடுமையாக வலித்தது.

அந்தச் சவ்வின் பெயர் பெரிட்டோனியம். அது இரண்டு பகுதிகளாக அமைந்திருக்கிறது. ஒரு பகுதி வயிற்றுச் சுவரின் உட்புறத்தை மூடியிருக்கும்; இதைச் சுவர்ச் சவ்வு எனலாம். மற்றது உறுப்புகளின் மேல் போர்த்தியிருக்கும். சுவர்ச் சவ்வுக்கு நரம்பு வருவது, அதற்கு நேர் வெளியே இருக்கும் தசைக்கும் தோலுக்கும் செல்லும் அதே நரம்புகளிலிருந்து. எனவே அது ஏறத்தாழத் தோலைப் போலவே இடம் தெரிந்து வலிக்கிறது. உறுப்பின் மேல் போர்த்திய சவ்வுக்கு அந்த வசதி கிடையாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குடல்வால் புதிரின் பாதி விடை இதில்தான் இருக்கிறது.

லென்னாண்டர் இதிலிருந்து எடுத்த முடிவு அளவுக்கு மீறியது. உள்ளுறுப்புகளுக்கு வலி உணர்வே இல்லை, எல்லா வயிற்று வலியும் சுவர்ச் சவ்வும் குடலைத் தாங்கும் மடிப்புகளின் அடிப்பகுதியும் இழுபடுவதால் வருவதே என்றார் அவர். குடல் வலியால் துடித்த எவருக்கும் இது ஏற்கத்தக்கதாக இருக்காது.

சரியான கேள்வியைக் கேட்டவர்கள்

இங்கிலாந்தின் பர்ன்லி நகரில் பொது மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மெக்கன்சி ஒரு முக்கியமான நிகழ்வைக் கவனித்தார். மயக்க மருந்தின்றி விழித்திருந்த ஒரு நோயாளியின் குடலில் அவர் அறுவை செய்துகொண்டிருந்தார். வெட்டும்போதும் தைக்கும்போதும் நோயாளி அசையவில்லை. ஆனால் இடையிடையே முனகினார். எங்கே வலிக்கிறது என்று கேட்டபோது தொப்புள் பகுதியைத் தடவிக் காட்டினார். மெக்கன்சி கவனித்துப் பார்த்ததில், கண்ணெதிரே இருந்த குடல் தானாகச் சுருங்கி இறுகும் ஒவ்வொரு முறையும் அந்த வலி வந்தது. குடலோ நோயாளி காட்டிய இடத்தில் இல்லை.

குடல் வெட்டுக்கு வலிக்கவில்லை. ஆனால் தன் சுருக்கத்துக்கு வலித்தது. இந்த நுட்பத்தை முறையாக ஆராய்ந்தவர் இலண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஆர்தர் ஹெர்ட்ஸ். பிற்காலத்தில் தம் பெயரை ஹர்ஸ்ட் என்று மாற்றிக்கொண்டவர். 1911இல் அவர் ஆற்றிய உரைகளில், உணவுப் பாதையின் வலிக்கு உண்மையான தூண்டல் அதன் சுவர் இழுபடுவதுதான் என்று வாதிட்டார். குழாய்க்குள் பலூனை வைத்துக் காற்றடைத்தால் ஓரளவுக்கு மேல் வலி வருகிறது. வழி அடைபட்டு, அடைப்புக்கு மேலுள்ள தசை இறுகினால் வலி வருகிறது.

லென்னாண்டரின் சோதனை தவறானதல்ல. அவர் கேட்ட கேள்விதான் பொருந்தாதது. தோலுக்கு ஆபத்து கத்தியாலும் நெருப்பாலும் வருகிறது. அவற்றை உணரும் நரம்பு முனைகள் தோலில் இருக்கின்றன. குடலுக்குள் கத்தி வருவதில்லை. அங்கே வரும் ஆபத்துகள் வேறு: அடைப்பு, உப்பல், அழற்சி, இரத்தம் கிடைக்காமை. குடலின் நரம்பு முனைகள் அவற்றை உணர்கின்றன. குடலைக் கத்தியால் சோதிப்பது, காதுக்கு வெளிச்சம் காட்டிக் கேட்கிறதா என்று பார்ப்பது போன்றது.

தோலில் எழுதப்பட்ட வரைபடம்

வலி எதனால் வருகிறது என்பது ஒரு பாதி. அது ஏன் வேறிடத்தில் தெரிகிறது என்பது மறு பாதி. இதற்கு வழி திறந்தவர் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜேம்ஸ் ராஸ். 1888இல் அவர் உள்ளுறுப்பு நோயில் இரண்டு வகை வலி உண்டு என்றார். ஒன்று உறுப்பிலேயே உணரப்படும் ஆழமான, மங்கலான வலி. மற்றது உடற்சுவரில் உணரப்படும் வலி. உறுப்பிலிருந்து வரும் நரம்புகள் தண்டுவடத்தின் எந்தப் படியில் நுழைகின்றனவோ, அந்தப் படிக்குரிய தோலிலும் தசையிலும் இரண்டாவது வலி தெரிகிறது என்பது அவர் கருத்து.

தண்டுவடத்திலிருந்து ஒவ்வொரு முள்ளெலும்பு மட்டத்திலும் இரு பக்கமும் ஒரு சோடி நரம்பு புறப்படுகிறது. ஒவ்வொன்றும் உடலைச் சுற்றி ஒரு பட்டை போன்ற தோல்பகுதிக்குச் செல்கிறது. மார்பு முள்ளெலும்புகளை எண்ணினால், நான்காவது நரம்பின் பட்டை முலைக்காம்பு மட்டத்திலும், பத்தாவது நரம்பின் பட்டை தொப்புள் மட்டத்திலும் அமையும். இன்று இது பாடப்புத்தகச் செய்தி. ராஸ் எழுதிய காலத்தில் மனிதரில் இந்தப் பட்டைகளின் எல்லை உறுதியாகத் தெரியாது.

அதைத் தேடிப் புறப்பட்டவர் ஹென்றி ஹெட் என்ற இளம் மருத்துவர். இதயம், இரைப்பை, குடல், சிறுநீரகம் எனப் பலவகை நோயாளிகளின் தோலை அவர் ஊசியின் மழுங்கிய தலையால் மெல்ல அழுத்தியும், தோலை இலேசாகக் கிள்ளியும் சோதித்தார். உள்ளுறுப்பு நோயுற்றிருக்கும்போது, அதற்குத் தொலைவில் நலமாகவே உள்ள தோலின் ஒரு பகுதி அளவுக்கு மீறிக் கூசுவதைக் கண்டார். அந்தப் பகுதிகளை மையால் குறித்து வரைந்துகொண்டார்.

குறித்த பகுதிகள் உண்மையில் நரம்புப் பட்டைகள்தானா என்பதை எப்படி உறுதி செய்வது? இங்கே ஹெட்டுக்கு உதவியது அக்கி நோய். அக்கிக் கொப்புளங்கள் உடலின் ஒரு பக்கத்தில் அரைக்கச்சைபோல் வரிசையாக எழும். அந்தக் கொப்புள வரிசையின் எல்லையும், உள்ளுறுப்பு நோயில் கூசும் தோலின் எல்லையும் பெரும்பாலும் ஒத்திருந்தன. 1893இல் 'பிரெயின்' இதழில் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையில் இந்த வரைபடம் இடம்பெற்றது. மெக்கன்சியின் இதே பொருள் பற்றிய கட்டுரையும் அதே ஆண்டில் அதே இதழில் வந்தது. பின்னர் 1900இல் ஹெட்டும் கேம்பெல்லும், அக்கி வந்து வேறு காரணங்களால் இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்து, கொப்புளங்களுக்குரிய தண்டுவட நரம்பின் வேர் முடிச்சில் அழற்சியின் தடம் இருப்பதைக் காட்டினர். இதன் பிறகு, ஒரு கொப்புள வரிசை என்பது ஒரு நரம்பு வேரின் கையெழுத்து என்று கொள்ள இடம் கிடைத்தது. இந்தப் பட்டைகள் செருமானிய மருத்துவ நூல்களில் இன்றும் ஹெட்டின் பெயராலேயே வழங்குகின்றன.

ஹெட் தந்த விளக்கமும் எளிமையானது. உணர்வு குறைந்த ஓர் உறுப்பும் உணர்வு மிகுந்த ஒரு தோல்பகுதியும் தண்டுவடத்தில் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தால், உறுப்பில் எழும் வலி தோலில் எழுந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது என்றார். மெக்கன்சி இதை ஏற்கவில்லை. உறுப்பிலிருந்து வரும் தூண்டல் தண்டுவடத்தில் ஒரு பகுதியை எரிச்சலூட்டி வைக்கிறது. பிறகு தோலிலிருந்து வழக்கமாக வரும் சிறு தூண்டல்கூட அங்கே வலியாகிவிடுகிறது என்றார். இவ்விருவரில் யார் சரி என்று நீண்ட காலம் வாதம் நடந்தது. இன்று பார்க்கையில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. முதற்கட்ட வலி இடம் மாறித் தோன்றுவதை ஹெட்டின் வழியிலும், பிறகு தோல் கூசுவதையும் தசை இறுகுவதையும் மெக்கன்சியின் வழியிலும் விளக்குவது பொருத்தமாக உள்ளது.

உப்பு நீர் ஊசியும் பூனையின் தண்டுவடமும்

விவாதத்தைச் சோதனைக்குள் கொண்டுவந்தவர்கள் தாமஸ் லூயிசும் கெல்கிரனும். இலண்டனில் 1930களின் இறுதியில் அவர்கள் செறிந்த உப்பு நீரைத் தசைகளிலும், முதுகெலும்புகளை இணைக்கும் தசைநார்களிலும் ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தனர். இடுப்பு முள்ளெலும்பின் முதல் மட்டத்தில் செலுத்தியபோது விளைவு வியப்பூட்டியது. வலி விலாவின் கீழிருந்து இடுப்பைச் சுற்றி, தொடையிடுக்கு வழியாக விரைப்பை வரை இறங்கியது. விரை மேலே இழுபட்டது. சிறுநீரகக் கல் வலியை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே புரியும். சிறுநீரகத்தைத் தொடாமலே சிறுநீரக வலியை உண்டாக்கியிருந்தார்கள். தண்டுவடத்தின் ஒரே படிக்கு வந்து சேர்ந்தால், செய்தி உறுப்பிலிருந்து வந்ததா தசைநாரிலிருந்து வந்ததா என்று மூளையால் பிரித்தறிய முடிவதில்லை.

அந்தக் கலப்பு எங்கே நிகழ்கிறது என்பதைத் தனித்தனி நரம்பணுக்களில் காட்ட இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1968இல் பொமரான்சு, வால், வெபர் ஆகிய மூவரும் பூனையின் தண்டுவடத்தில் மின்முனை வைத்து, ஒரே நரம்பணு உள்ளுறுப்பு, தசை, தோல் மூன்றிலிருந்தும் வரும் தூண்டலுக்கு விடையளிப்பதைப் பதிவு செய்தனர். மூன்று தெருக்களின் கடிதங்களும் ஒரே பெட்டியில் விழுகின்றன. உறையின் மேல் முகவரி இல்லை. வாழ்நாள் முழுதும் அந்தப் பெட்டிக்குத் தோலிலிருந்தும் தசையிலிருந்துமே மிகுதியான கடிதங்கள் வந்திருப்பதால், மேலே இருப்பவர் அவற்றிலிருந்தே வந்ததாக முடிவு செய்கிறார்.

உறுப்பு வலி மங்கலாக இருப்பதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. தண்டுவடத்துக்கு உணர்வு கொண்டுவரும் இழைகளில் உள்ளுறுப்புகளுக்கு உரியவை மிகச் சிறு பங்கே. அந்தச் சில இழைகளும் உள்ளே நுழைந்ததும் கிளைத்து, மேலும் கீழும் பல படிகளுக்குப் பரவுகின்றன. விரல் நுனியில் முள் குத்தினால் செய்தி ஒரு சிறு புள்ளிக்குப் போகிறது. குடல் உப்பினால் அதே செய்தி நான்கைந்து படிகளில், இரு பக்கமும் சிதறுகிறது. உணவுப் பாதை கருவில் நடுக்கோட்டில் உருவாகி இரு பக்க நரம்புகளையும் பெற்றிருப்பதால், அதன் வலி நடுவிலேயே தெரிகிறது. இரைப்பையும் பித்தப்பையும் அடங்கிய முன்பகுதியின் வலி மேல் வயிற்றிலும், சிறுகுடலும் குடல்வாலும் அடங்கிய நடுப்பகுதியின் வலி தொப்புளைச் சுற்றியும், பெருங்குடலின் பின்பகுதியின் வலி அடிவயிற்றிலும் வரும்.

ஒரு குடல்வாலின் ஒரு நாள்

இப்போது தொடக்கத்தில் பார்த்த நோயாளியிடம் திரும்பலாம். கல்லூரி மாணவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்குத் தொப்புளைச் சுற்றி வலி தொடங்குகிறது. குடல்வாலின் வாய் அடைபட்டு, உள்ளே சுரக்கும் நீர் வெளியேற வழியின்றி அது உப்புகிறது. ஹெர்ட்ஸ் சொன்ன இழுவை இதுதான். செய்தி மார்பு மட்டத்துப் பத்தாவது நரம்பின் படியை ஒட்டித் தண்டுவடத்தில் நுழைகிறது. எனவே தொப்புள் வலிக்கிறது. குடல்வால் வலது கீழ் மூலையில் இருந்தாலும், கருவில் அந்தக் குடல் வளையம் சில வாரங்கள் தொப்புள்கொடிக்குள்ளேயே தங்கியிருந்து, சுழன்று உள்ளே திரும்பியது. குடல் இடம் பெயர்ந்தது. நரம்பின் வேர் பழைய படியிலேயே நின்றுவிட்டது.

பத்து மணிக்குள் பசி போய்விடுகிறது. ஓரிரு முறை வாந்தி வருகிறது. வயிற்றை அழுத்திப் பார்த்தால் குறிப்பாக எங்கும் நோவதில்லை. மாலைக்குள் அழற்சி குடல்வாலின் சுவரைக் கடந்து வெளிப்புறத்துக்கு வந்து, எதிரே உள்ள சுவர்ச் சவ்வைத் தொடுகிறது. லென்னாண்டரின் சவ்வு இப்போது பேசத் தொடங்குகிறது. வலி வலது கீழ்ப்பக்கத்தில் கூர்மையாகிறது. இருமினாலும் நடந்தாலும் குத்துகிறது. மேலுள்ள தசை தானாக இறுகுகிறது. வலி உண்மையில் 'நகரவில்லை'. முதல் வலி மங்க, வேறொரு நரம்புப் பாதையில் இரண்டாவது வலி தொடங்கியிருக்கிறது.

நியூயார்க் அறுவை மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889இல் குறித்துக் காட்டிய இடம் இந்த இரண்டாம் கட்டத்துக்கு உரியது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு நேர்கோடு வரைந்து, எலும்பிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தொலைவில் ஒரே விரலால் அழுத்தினால் மிகுந்த நோவு தெரியும் என்றார். சிகாகோவின் ஜான் மர்பி, தாம் செய்த இரண்டாயிரம் அறுவைகளைப் பற்றி 1904இல் எழுதியபோது வரிசையை வலியுறுத்தினார்: முதலில் வலி, பிறகு குமட்டலும் வாந்தியும், அதன்பின் வலது கீழ்ப்பக்க நோவு, பின்னர் காய்ச்சல். வாந்தி வலிக்கு முன்பே வந்திருந்தால் நோய் வேறாக இருக்கலாம் என்று ஐயுற இது இடம் தந்தது.

இந்த வரிசைக்கு அன்று உயிர் மதிப்பு இருந்தது. நடு வயிற்றில் வலி என்றால் அஜீரணம் என்று கருதி விளக்கெண்ணெய் கொடுப்பது பல நாடுகளில் வீட்டு வழக்கம். ஏற்கெனவே உப்பியிருக்கும் குடலைப் பேதி மருந்து மேலும் இறுகச் செய்யும்; குடல்வால் வெடிக்க அது துணைபோகும். வெடிக்கும் கணத்தில் இன்னொரு பொறியும் உண்டு. உள்ளே இருந்த அழுத்தம் நீங்குவதால் வலி சற்று நேரம் தணியலாம். நோயாளியும் வீட்டாரும் நிம்மதி அடைவார்கள். அதற்குப் பிறகு வயிறு முழுவதும் பலகைபோல் இறுகி, நாடி விரைந்து, நிலை மோசமாகும்.

தோளில் வலிக்கும் வயிறு

வரைபடத்தின் மிக விசித்திரமான பகுதி உதரவிதானம். மார்புக்கும் வயிற்றுக்கும் இடையே இருக்கும் இத்தசைத் திரை, கருவில் கழுத்து மட்டத்தில் உருவாகிக் கீழே இறங்குகிறது. அதன் நரம்பையும் கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் படிகளிலிருந்து இழுத்துக்கொண்டே வருகிறது. தோளின் மேற்பகுதித் தோலுக்கும் இதே படிகளிலிருந்துதான் நரம்பு செல்கிறது.

இதை நேரடியாகச் சோதித்தவர் சிகாகோவின் ஜோசப் காப்ஸ். வயிற்றில் நீர் கோத்த நோயாளிகளுக்கு நீரை வடிக்கக் குழல் செருகும்போது, அதன் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி உட்புறத்தைத் தொட்டார். 1922இல் கோல்மனுடன் சேர்ந்து முடிவுகளை வெளியிட்டார். வயிற்றின் சுவர்ச் சவ்வைத் தொட்டபோது நோயாளிகள் அந்த இடத்தை வெளியே நன்றாகவே சுட்டிக்காட்டினர். உதரவிதானத்தின் நடுப்பகுதியைத் தொட்டபோது வலி தோளின் மேல் விளிம்பில் வந்தது. அதன் ஓரங்களைத் தொட்டால் கீழ் விலாவிலும் மேல் வயிற்றிலும் வந்தது. ஓரத்துக்கு விலாவிடை நரம்புகள் செல்வதே காரணம்.

விபத்தில் வயிற்றில் அடிபட்டவர், தோளில் காயமே இல்லாதபோது, படுத்ததும் இடது தோளில் வலி என்றால், மண்ணீரல் கிழிந்து இரத்தம் உதரவிதானத்தின் அடியில் தேங்குகிறதோ என்று மருத்துவர் ஐயுறுவது இதனால்தான். செருமானிய அறுவை மருத்துவர் ஹான்ஸ் கேரின் பெயரால் இக்குறி அறியப்படுகிறது. இரைப்பைப் புண் துளையிட்டுக் காற்றும் அமிலமும் கசிந்தாலும் தோள் வலிக்கலாம். துளைவழி அறுவையில் வயிற்றுக்குள் நிரப்பும் கரியமில வாயு சிறிது மிஞ்சினால், அடுத்த ஓரிரு நாள் தோள் வலிப்பதும் இதே வழியில்தான். தோளில் தைலம் தேய்த்துப் பயனில்லை.

வரைபடம் பொய்க்கும் இடங்கள்

குடல்வால் வலியின் இந்த இரண்டு கட்ட வரிசை எல்லோரிடமும் அமைவதில்லை. குடல்வால் பெருங்குடலின் பின்னால் ஒளிந்திருந்தால் அது முன்புறச் சுவர்ச் சவ்வைத் தொடாது. முன்வயிற்றில் நோவு குறைந்து, இடுப்பின் பின்பக்கமே வலிக்கலாம். இடுப்புக்குழிக்குள் தொங்கினால் அடிவயிற்று வலியும் சிறுநீர் எரிச்சலுமாகத் தோன்றும். கருவுற்ற பெண்ணில் வளரும் கருப்பை குடல்வாலையும் சுவரையும் பிரித்து வைக்கக்கூடும். முதியவர்களில் தசை இறுக்கம் மெலிதாக இருக்கும். சிறு குழந்தை எந்த நோய்க்கும் தொப்புளையே காட்டும். இன்று ஒலி அலைப் படமும் சி.டி. படமும் முன்னிற்பது இந்த இடைவெளிகளால்தான்.

ஒரே படியில் பல உறுப்புகள் வந்து சேர்வதும் ஒரு வரம்பு. மேல் வயிற்றின் நடுவில் வரும் வலியைக் கொண்டு இரைப்பையா, பித்தப்பையா, கணையமா என்று சொல்ல முடியாது. இதயத்தின் அடிப்பகுதிக்கு இரத்தம் தடைபட்டாலும் வலி அதே இடத்தில், ஏப்பத்தோடும் குமட்டலோடும் வரலாம். இதயத்தின் நரம்புகள் நுழையும் படிகளும் உணவுக்குழல், இரைப்பை ஆகியவற்றின் படிகளும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருக்கின்றன. ஆகவேதான் நடு வயதைத் தாண்டியவர் மேல் வயிற்று வலியோடும் வியர்வையோடும் வந்தால், வாயுக் கோளாறு என்று அவரே சொன்னாலும், அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் இதய மின்வரைபடம் எடுக்கிறார்கள்.